பீரங்கி மட்டும் காரணமில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த கட்டுரை, பீரங்கி வந்ததால்தான் ஐரோப்பிய அரசர்கள் நிலப்பிரபுக்களின் படையை விட்டுவிட்டு நிரந்தரப் படைக்கு மாறினார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. பிரான்சின் கதை வேறு மாதிரி. அங்கே நிரந்தரப் படை பிறந்ததே போர் நின்றிருந்த நேரத்தில்தான்.

அரசரிடம் நிலம் பெற்ற பிரபு, கூப்பிட்டால் தன் ஆட்களோடு வந்து நிற்க வேண்டும்; வழக்கமாக 40 நாள், சொந்தச் செலவில். முற்றுகை பாதியில் இருந்தாலும் 41ஆம் நாள் அவர் மூட்டை கட்டலாம். இருக்கச் சொன்னால் அரசர் காசு கொடுக்க வேண்டும். அதனால் இங்கிலாந்தோடு நடந்த நூறாண்டுப் போரின்போதே சம்பளத்துக்குச் சண்டை போடுவது சகஜமாகிவிட்டது. ஆனால் அந்தச் சம்பளம் போர் உள்ளவரைதான்.

சிக்கல் அங்கேதான். 1435இல், அதுவரை இங்கிலாந்து பக்கம் நின்ற பர்கண்டி சிற்றரசோடு சமாதானம் ஆனதும், வேலை போன வீரர்கள் கும்பல் கும்பலாகக் கிராமங்களில் புகுந்தார்கள். உடுத்திய துணிவரை உருவிக்கொண்டு விட்டதால் சனங்கள் அவர்களுக்கு வைத்த பெயர் ‘தோலுரிப்போர்’.

1439இல் பிரெஞ்சு அரசர் ஏழாம் சார்லஸ், தன் அனுமதியில்லாமல் யாரும் படை திரட்டக் கூடாது என்று ஆணையிட்டார். பிரபுக்கள் சும்மா இருப்பார்களா? மறு ஆண்டே கலகம் செய்தார்கள். அரசரின் மகன் லூயியும் அவர்கள் பக்கம்! கலகம் அடங்கியது. 1444இல் இங்கிலாந்தோடு தற்காலிகப் போர்நிறுத்தம் வந்ததும் சார்லஸ் அடுத்த காரியத்தில் இறங்கினார். அந்தக் கும்பல்களிலிருந்தே நல்ல ஆட்களைப் பொறுக்கி, 1445இல் குதிரைப்படைப் பிரிவுகள் அமைத்தார். மற்றவர்களுக்கு மன்னிப்பு வழங்கி ஊருக்கு அனுப்பினார்.

ஒரு பிரிவுக்கு 100 ‘ஈட்டி’. ஈட்டி என்றால் ஆயுதமல்ல, ஆறு பேர் கொண்ட குழு: கவசம் பூண்ட வீரர் ஒருவர், இரண்டு வில்லாளர், மீதி துணையாட்கள். ஒரே இடத்தில் குவிக்காமல் ஊர் ஊராகப் பிரித்துத் தங்கவைத்தார்கள். அவ்வப்போது ஆளையும் குதிரையையும் நேரில் நிறுத்தி எண்ணிப் பார்த்தார்கள். இல்லாவிட்டால், படையில் இல்லாத ஆளின் பெயரில் தலைவர்கள் சம்பளம் வாங்கிவிடுவார்கள். (இந்தப் பழக்கம் எந்த ஊரில்தான் இல்லை!)

சமாதான காலத்திலும் சம்பளம் என்றால் ஆண்டுதோறும் வரி வேண்டும். போருக்கென்று அவ்வப்போது வசூலித்த, பிரெஞ்சில் ‘தாய்’ எனப்பட்ட வரி நிலைத்துவிட்டது. பிரபுக்கள் பெரும்பாலும் அதைக் கட்ட வேண்டியதில்லை. போதாததற்கு அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே அந்தப் படையில் பதவியும் கிடைத்தது. அவர்கள் வாய் அடைத்துப்போனதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

ஆனாலும் மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. நிரந்தரக் காலாட்படைக்குப் பணம் போதாமல் 1448இல் ஊருக்கு ஊர் வில்லாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சம்பளத்துக்குப் பதில் வரிவிலக்கு. மற்ற நாளில் அவரவர் பிழைப்பு. 1479இல் கினகாட் போரில் பிரெஞ்சுப்படை தோற்றது. அன்று கலகக்கார இளவரசராக இருந்த லூயிதான் இப்போது அரசர். அவர் அந்த வில்லாளர்களை ஓரங்கட்டிவிட்டு, காசு கொடுத்து சுவிஸ் ஈட்டிவீரர்களை வரவழைத்தார்.

— ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தென்காசி