பேரிடருக்குப் பின் ஆசிரியர்களுக்கான உளவியல் முதலுதவிப் பயிற்சி: திட்ட வரைவை ஏற்று ஆணையிடக் கோரும் மனு

அனுப்புநர்:
பள்ளி உளநலப் பயிற்றுநர்கள் மற்றும் ஆசிரியர்கள் குழு

பெறுநர்:
பள்ளிக் கல்வித் துறை இயக்குநர் அவர்கள்

பொருள்: இயற்கைப் பேரிடருக்குப் பின் பள்ளிகள் மீண்டும் திறக்கும் முன் ஆசிரியர்களுக்கு ஆறு மணிநேர உளவியல் முதலுதவிப் பயிற்சி அளிக்க ஆணையிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். வெள்ளமோ நிலநடுக்கமோ புயலோ ஓய்ந்து பள்ளி திறக்கும்போது, ஆசிரியர்களை ஒரு மண்டபத்தில் கூட்டி ஒரு மணிநேரம் சொற்பொழிவு நடத்துவது வழக்கமாக இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டுப் போகும் ஆசிரியருக்கு மன அதிர்ச்சியின் அறிகுறிகள் தெரிந்திருக்கும். மறுநாள் மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் குழந்தையிடம் முதலில் எந்த வாக்கியத்தைச் சொல்வது என்பது தெரிந்திருக்காது. எனவே சொற்பொழிவைக் குறைத்து, செய்து பழகும் நேரத்தைக் கூட்டிய ஒரு வரைவைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2011-இல் பிற அமைப்புகளுடன் சேர்ந்து வெளியிட்ட கையேடு, உளவியல் முதலுதவியை மூன்று செயல்களாகச் சொல்கிறது: பார், கேள், இணை. சூழல் பாதுகாப்பானதா, யாருக்கு உடனடி உதவி வேண்டும் என்று பார்ப்பது; வற்புறுத்தாமல் கேட்பது; தேவையான உதவியோடும் சொந்த மனிதர்களோடும் இணைத்துவிடுவது. இது சிகிச்சை அல்ல. பிற்காலத்தில் மனநோய் வராமல் இது தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்றும் இல்லை. குழந்தைக்கு மேலும் தீங்கு நேராமல் முதல் சில வாரங்களைக் கடக்கச் செய்வதும், கூடுதல் உதவி வேண்டியவரை உரிய இடத்தில் சேர்ப்பதுமே இதன் எல்லை. ஆணையிலும் இந்த எல்லையைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டுகிறோம். ஆசிரியரை அரைகுறை ஆலோசகராக்குவது இரு தரப்புக்கும் கெடுதல்.

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் ஒரு தவற்றை முதலில் சொல்லிவிடுகிறோம். பள்ளி திறந்த முதல் நாளே வகுப்பு முழுவதையும் வட்டமாக உட்கார வைத்து, “அன்று என்ன நடந்தது, ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்” என்பார்கள். அல்லது பேரிடரை வரையச் சொல்வார்கள். பாரம் இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. நடப்பது வேறு. அதிகம் பார்க்காத குழந்தை பக்கத்தில் இருப்பவரின் காட்சியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறது. உறவினரை இழந்த குழந்தை தன் முறை வரும்வரை நடுங்கிக்கொண்டு காத்திருக்கிறது. நிகழ்வை உடனே விவரிக்க வைக்கும் ஒற்றை அமர்வுகள் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவடு நோயைத் தடுப்பதில்லை என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. குழந்தை தானாகப் பேசினால் கேட்க வேண்டும், தானாக வரைந்தால் வரைய விட வேண்டும். வரிசை வைத்து வாங்கக் கூடாது. அறிக்கையில் இணைக்கப் புகைப்படம் வேண்டும் என்பதற்காக நடக்கும் பேரிடர் ஓவியப் போட்டிகளும் இதில் அடங்கும்.

இனி பயிற்சியின் அமைப்பு. ஒரு தொகுதிக்கு 24 ஆசிரியர்கள், இரண்டு பயிற்றுநர்கள். மொத்தம் 360 நிமிடங்கள். பள்ளி திறப்பதற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன் நடந்தால் போதும். அதைவிட முன்னதாக அழைத்தால், வீட்டுச் சேற்றை அள்ளி முடிக்காத ஆசிரியர் உடலால் மட்டுமே அங்கு இருப்பார். நெருங்கியவரை இழந்த ஆசிரியருக்கு வருகை கட்டாயமாக இருக்கக் கூடாது.

முதல் 45 நிமிடம் ஆசிரியர்களுக்கே. அவர்களும் அதே பேரிடரில் சிக்கியவர்கள். எந்தச் சூழலில் தம்மால் நிதானமாக இருக்க முடியாது, அப்போது வகுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்று ஒவ்வொருவரும் ஒரு சக ஆசிரியரின் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும். இங்கேயும் யாரும் தம் கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த 60 நிமிடம் வயதுக்கேற்ற எதிர்வினைகள். சிறு குழந்தைகள் பெரியவரை விட்டு அகலமாட்டார்கள், விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பும், பேரிடரையே விளையாட்டாகத் திரும்பத் திரும்ப ஆடுவார்கள். தொடக்கப் பள்ளி வயதில் வயிற்றுவலியும் தலைவலியும் வரும். பெரியவர் சொன்னதைத் தான் கேட்காததால்தான் இப்படி ஆயிற்று என்ற குற்ற உணர்வும் வரும். அதைக் குழந்தை சொல்லாது என்பதால், கேட்கும்வரை காத்திராமல், “யார் செய்த எதனாலும் இது வரவில்லை” என்று வகுப்பு முழுவதற்கும் பொதுவாகச் சொல்லிவிடுவது நல்லது. பதின்வயதினர் அடங்கிப்போவார்கள், அல்லது ஆபத்தான காரியங்களில் இறங்குவார்கள். இவற்றில் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமாகக் குறைபவை. நோய்ப் பட்டியலாக இவற்றைக் கற்பித்தால் ஆசிரியர் வகுப்பில் பாதிப்பேரை நோயாளியாகக் காணத் தொடங்குவார். முதல் வாரங்களில் “பாதிக்கப்பட்ட மாணவர் எண்ணிக்கை” கேட்டுப் படிவம் அனுப்ப வேண்டாம் என்று வேண்டுவதும் இதனால்தான்.

பயிற்சியின் உயிர் அடுத்த 150 நிமிடத்தில் இருக்கிறது. பயிற்றுநர்கள் 15 நிமிடம் செய்துகாட்டுவார்கள். பின் மூவர் மூவராக எட்டுக் குழுக்கள். ஒருவர் குழந்தை, ஒருவர் ஆசிரியர், ஒருவர் பார்வையாளர். ஒரு சுற்றுக்கு 15 நிமிடம்: எட்டு நிமிடம் நடிப்பு, ஏழு நிமிடம் பேச்சு. ஒரு சூழலை மூவரும் இடம் மாறிச் செய்ய 45 நிமிடம். இப்படி மூன்று சூழல்கள். குழந்தையாக நடிப்பவரிடம் வயது, சூழல், சொல்ல வேண்டிய இரண்டு மூன்று வரிகள் எழுதிய அட்டை இருக்கும். அதற்கு மேல் அழுது கூட்டக் கூடாது. கையை உயர்த்தினால் யாராக இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். பார்வையாளர் நான்கைக் குறிப்பார்: ஆசிரியர் முதல் கேள்விக்கு முன் எவ்வளவு நேரம் பொறுத்தார், குழந்தையைவிட அதிகம் பேசினாரா, காப்பாற்ற முடியாத வாக்குறுதி தந்தாரா, உரையாடல் ஒரு குறிப்பிட்ட அடுத்த செயலில் முடிந்ததா.

ஒரு சூழலை முழுமையாகக் காட்டுகிறோம். வெள்ளத்துக்குப் பின் பள்ளி திறந்த இரண்டாம் வாரம். ஒன்பது வயதுச் சிறுமி. கூரையில் மழை பலமாக விழத் தொடங்கியதும் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போகிறாள். பழகாத ஆசிரியர் சொல்வது: “ஒண்ணும் ஆகாது, போய் உட்காரு.” இதில் இரண்டு பிழைகள். ஒன்றும் ஆகாது என்று போன முறையும் யாரோ சொல்லியிருப்பார்கள், ஆயிற்று. அடுத்து, அவள் பயப்பட ஒரு காரணம் இருக்கிறது என்பதையே அந்த வாக்கியம் மறுக்கிறது.

பழகியவர் செய்வது இப்படி. வாசலை மறிக்காமல் அவளுக்குப் பக்கவாட்டில், கண் மட்டத்துக்குக் குனிந்து நிற்பார். தொடுவதானால் கேட்டுவிட்டுத்தான் தொடுவார். “மழை சத்தம் பலமா கேக்குது. நீ பையை எடுத்துட்ட” என்று கண்டதை மட்டும் சொல்லிவிட்டுப் பொறுத்திருப்பார். பத்து நொடி மௌனம் பயிற்சியில் மிக நீளமாகத் தெரியும். பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். “டீச்சர், அம்மா வீட்ல தனியா இருக்காங்க” என்று அவள் சொன்னால், பயம் மழையைப் பற்றியது மட்டுமல்ல, அம்மாவைப் பற்றியது என்பது தெரிந்துவிடும். அப்போது வேண்டியது ஆறுதல் அல்ல, தகவல். அம்மாவிடம் தொலைபேசியில் பேச வைக்கலாம். அபாய எச்சரிக்கை உண்டா என்று பார்த்து, இல்லையென்றால் இல்லை என்றும், வந்தால் தனக்கு எப்படித் தெரியும், எல்லோரும் எங்கே போவார்கள் என்றும் சொல்லலாம். தெரியாததைத் தெரியவில்லை என்றே சொல்ல வேண்டும். உடல் இன்னும் நடுங்கினால், பாதம் இரண்டும் தரையில் பதிய நின்று, இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சு நீளமாக நாலைந்து முறை விடச் சொல்லி, தானும் கூடச் செய்வார். பிறகு ஒரு சிறிய தேர்வு: “என் பக்கத்துல உட்காரணுமா, உன் தோழி பக்கத்துலயா?” மாலையில் பெற்றோரிடம் தெரிவிப்பார். குறிப்பேட்டில் தேதி, கண்டது, செய்தது மூன்றும் இருந்தால் போதும். “மனச்சோர்வு” போன்ற முடிவுரைகள் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. வெள்ளம் கண்ட ஊரில் ஆசிரியர்களுக்கே இந்த மழைச் சூழலை நடிக்கக் கொடுக்கக் கூடாது. அங்கே வேறு சத்தத்தை, வேறு நிகழ்வைக் கொண்டு எழுதிய அட்டையைத் தர வேண்டும்.

இதன் பின் 45 நிமிடம் முதல் நாள் வகுப்புத் திட்டம். வழக்கமான நேர அட்டவணை, சுருக்கமான பாடங்கள், மதிப்பெண் இல்லாத வேலைகள், வராத மாணவரைப் பற்றி என்ன சொல்வது என்ற ஒரே வாசகம். பாதுகாப்பு ஒத்திகையை முன்னறிவிப்பின்றி நடத்தக் கூடாது என்பதும் இதில் வரும்.

கடைசி 60 நிமிடம் இணைப்புக்கு. திட்டங்கள் பெரும்பாலும் உடைவது இந்த இடத்தில்தான். தற்கொலை அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு, பிறருக்குத் தீங்கு செய்யும் பேச்சு, துன்புறுத்தலுக்கு ஆளான அறிகுறி, பராமரிக்க ஆளில்லாத நிலை, உண்ணவோ உறங்கவோ முடியாத அளவு தளர்ச்சி ஆகியவற்றை அன்றே மேலே தெரிவிக்க வேண்டும். “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று ஆசிரியர் வாக்களிக்கக் கூடாது. “உன் பாதுகாப்புக்குத் தேவையானவங்ககிட்ட மட்டும் சொல்வேன், உனக்குத் தெரிஞ்சுதான் சொல்வேன்” என்பதே சரி. மற்ற எதிர்வினைகள் ஒரு மாதம் கடந்தும் குறையாமல் படிப்பையும் பழக்கத்தையும் கெடுத்தால் உளநல வல்லுநரிடம் அனுப்ப வேண்டும். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவடு நோயைக் கண்டறியும் அளவுகோலிலும் அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். அதனால்தான் நான்காம் வாரத்தில் 90 நிமிடத் தொடரமர்வு ஒன்றை வைத்திருக்கிறோம்.

ஆனால் அனுப்ப ஓர் இடம் இருக்க வேண்டும். பேரிடரில் அந்த வல்லுநரே இடம்பெயர்ந்திருக்கலாம், தொலைபேசி எண் இயங்காமலிருக்கலாம். எனவே பயிற்சிக்கு முந்தைய நாள் பட்டியலிலுள்ள ஒவ்வொரு எண்ணையும் யாராவது அழைத்துப் பார்த்து, எடுப்பவர், நேரம், எடுக்காவிட்டால் மாற்று எண் ஆகியவற்றை எழுதி உறுதிசெய்ய வேண்டும். அந்தப் பட்டியல் தயாராகாத இடத்தில் பயிற்சியை ஓரிரு நாள் தள்ளிவைப்பதே மேல்.

ஆகவே கீழ்க்கண்டவற்றுக்கு ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்: மேற்கண்ட ஆறு மணிநேர வரைவையும் நான்காம் வாரத் தொடரமர்வையும் ஏற்று, இரண்டையும் பணி நாட்களாகக் கணக்கிடுதல், சரிபார்த்த இணைப்புப் பட்டியலை ஒவ்வொரு பள்ளிக்கும் வழங்க ஓர் அலுவலரைப் பெயர் குறிப்பிட்டு நியமித்தல், நிகழ்வை விவரிக்க வைக்கும் அமர்வுகள், பேரிடர் ஓவிய, கட்டுரைப் போட்டிகள், முதல் மாதக் கணக்கெடுப்புப் படிவங்கள் ஆகியவற்றை நிறுத்திவைத்துச் சுற்றறிக்கை அனுப்புதல். பயிற்சி அட்டைகளையும் பார்வையாளர் குறிப்புத் தாளையும் ஆணை கிடைத்ததும் ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளி உளநலப் பயிற்றுநர்கள் மற்றும் ஆசிரியர்கள் குழு

இணைப்பு: நேரப் பகிர்வுத் தாள் – 1