அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. வட்டார விளையாட்டுப் போட்டியில் நம் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள், அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. உழைத்த ஆசிரியர்களுக்கும் வீட்டில் உடனிருந்து படிக்க வைத்தவர்களுக்கும் நன்றி. விடைத்தாள்கள் விடுமுறைக்குப் பின் தரப்படும்.

இனி, உங்களில் பலர் வாசலில் நின்று கேட்ட கேள்விக்கு வருகிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏன் ஐப்பசி முழுவதும் சாப்பாட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து படித்தார்கள்?

அவர்கள் வகுப்பறையின் மொட்டைமாடித் தட்டோடுகள் பெயர்ந்துவிட்டன. மழை பெய்தால் தண்ணீர் சுவர் வழியே இறங்கி சுவிட்ச் போர்டில் சொட்டியது. பிள்ளைகளை அங்கே உட்கார வைக்க நான் சம்மதிக்கவில்லை. கசிவு ஜூன் மாதமே தெரிந்தது, பராமரிப்புக்கென 70,000 ரூபாய் ஒதுக்கியும் இருந்தோம். பிறகும் வேலை நடக்காததற்குக் காரணத்தைச் சொல்ல நம் வரவு செலவுத் திட்டத்தையே உங்கள் முன் விரிக்க வேண்டியிருக்கிறது. நிர்வாகக் குழுவின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன்.

கட்டணம் செலுத்தும் 190 பிள்ளைகளிடமிருந்து, வேன் கட்டணமும் சேர்த்து, சராசரியாக ஆளுக்கு 12,000 ரூபாய் வர வேண்டும். ஆண்டுக்கு 22,80,000 ரூபாய். கட்டணத்தை அரசின் கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது, பற்றாக்குறை என்று நாம் கூட்டிக்கொள்ள முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் சேர்ந்த பிள்ளைகளுக்கு அரசு ஈடுசெய்யும் தொகை எந்த மாதம் வரும் என்று உறுதியில்லை. அதனால் அதை நம்பி எந்தச் செலவையும் எழுதுவதில்லை. வந்தபின் எழுதிக்கொள்கிறோம்.

செலவில் முதலில் நிற்பது சம்பளம். மாதம் 1,40,000, ஆண்டுக்கு 16,80,000. அடுத்து வேனுக்கு டீசல், ஓட்டுநர், காப்பீடு, மே மாதத் தகுதிச் சான்று எல்லாம் சேர்த்து 2,60,000. மின்சாரமும் அன்றாடச் செலவும் 1,10,000, கட்டட உறுதிச் சான்று போன்றவற்றுக்கு 50,000. இவற்றில் ஒன்று நின்றாலும் பள்ளி நடக்காது. இவற்றை எழுதி முடித்த பிறகுதான் பராமரிப்புக்கு அந்த 70,000, அவசரத்துக்குக் கையிருப்பாக 1,10,000. இந்தக் கையிருப்பு ஒரு மாதச் சம்பளத்துக்குக்கூடக் காணாது. நுழைவாயிலில் வளைவு, வகுப்புக்கொரு பெரிய டி.வி. என்று நீங்கள் ஆசைப்பட்டவை இந்த ஆண்டுப் பட்டியலில் இல்லை. டி.வி.யை யாராவது அன்பளிப்பாகத் தந்தாலும் அதற்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்குவது நம் தலையில்தான் விழும்.

மொட்டைமாடிக்கு மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கினோம். அறை 30 அடிக்கு 18 அடி, அதாவது 540 சதுர அடி. ஒருவர் 46,000 என்றார். கேட்கவே இனிப்பாக இருந்தது. பழைய ஓட்டைக் கொத்தி எடுப்பதும் கழிவை இறக்கி அப்புறப்படுத்துவதும் அதில் சேருமா என்று கேட்டபோது, அதற்குத் தனியாக 11,000 என்றார். எல்லாம் அடக்கமாக 54,000 கேட்டவரிடம் புரட்டாசியில் முடித்துத் தரச் சொன்னோம். அதற்குப் பின் வடகிழக்குப் பருவமழையில் மொட்டைமாடி வேலை நடக்காது.

இதை நிர்வாகத்துக்கான செலவுப் பதிவேட்டிலும் எழுதினோம். அதில் ஒவ்வொரு தலைப்புக்கும் நான்கே பத்திகள்: ஒதுக்கியது, செலுத்தியது, ஒப்புக்கொண்டது, மீதி. முன்பு மூன்றாவது பத்தி கிடையாது. அது இல்லாமல் பார்த்தால், குழாய்க்கும் கதவுக்கும் 9,000 போக, பராமரிப்பில் 61,000 மிச்சம் என்று தெரியும், வாயில் கதவுக்கு வர்ணம் அடிக்கலாமே என்று ஒருவர் சொல்வார். ஒப்புக்கொண்ட 54,000-ஐயும் எழுதினால் உண்மையான மீதி 7,000 மட்டுமே. வங்கிப் புத்தகம் இதைக் காட்டாது.

ஆனால் பதிவேட்டில் ஒதுக்குவது ஒன்று, பெட்டியில் பணம் இருப்பது வேறொன்று. இரண்டாம் பருவக் கட்டணம் 7,60,000 செப்டம்பர் 30-க்குள் வந்திருக்க வேண்டும். வந்தது 4,20,000. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மூன்று மாதச் சம்பளத்துக்கு அது சரியாக இருந்தது. அதே மாதங்களின் வேன், மின்சாரச் செலவு 95,000-ஐக் கையிருப்பில் எடுத்தோம். மிஞ்சியது 15,000. அதை வைத்துக்கொண்டு கொத்தனாரை வரச் சொல்ல முடியாது. நவம்பர் கடைசிக்குள் பாக்கியில் பெரும்பகுதி வந்துவிட்டது. ஆண்டுக் கணக்கில் குறையே இல்லை. ஆனால் மழை அதற்கு முன்பே வந்துவிட்டதே!

இது டெல்டா. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தால் குறுவை உண்டு, புரட்டாசியில் கையில் காசு உண்டு. தண்ணீர் தாமதமானால் சம்பா அறுவடை வரை காத்திருக்க வேண்டும். நெல்லை அறுத்தாலும் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்றால் களத்தில் காயவைத்துக்கொண்டு கிடக்க வேண்டும். நானும் இந்த மண்ணில் பிறந்தவன், இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் எந்தப் பருவக் கட்டணத்தை எந்த மாதம் கட்டுவீர்கள் என்று கேட்டு ஆகஸ்டில் ஒரு படிவம் அனுப்பினோம். 190 வீடுகளில் 71 வீடுகளிலிருந்துதான் அது திரும்பி வந்தது.

திரும்பி வந்த ஒன்றில் ஒரு தாயார், "மூன்றாம் பருவம் தாளடி அறுத்த பிறகு, மாசி முடிவதற்குள்" என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தொகையை மார்ச் மாத வரவில் எழுதிவிட்டோம். மார்ச்சில் வரும் பணத்தை நம்பி ஜனவரியில் எதுவும் வாங்க மாட்டோம். அதோடு முடிந்தது. தாமதம் எங்களைத் தடுமாற வைப்பதில்லை, தெரியாத தாமதம்தான் தடுமாற வைக்கிறது.

ஒன்றை வெளிப்படையாகவே சொல்கிறேன். பாக்கி வைத்தவர்கள் எல்லோரும் விவசாயிகள் அல்லர். மாதச் சம்பளம் வாங்குபவர்களும், கடைத்தெருவில் நன்றாக வியாபாரம் நடப்பவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். "எல்லோரும் கட்டட்டும், பார்க்கலாம்" என்று வேன் ஓட்டுநரிடம் சொல்லி அனுப்புவது அழகல்ல. கட்டணத்துக்காக எந்தப் பிள்ளையையும் வகுப்பில் எழுப்பி நிறுத்துவதில்லை, இனியும் நிறுத்த மாட்டோம். அதைச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையின் பையில் பணம் வைத்து அனுப்பவும் வேண்டாம். அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

கஷ்டத்தை நேரில் வந்து சொன்ன யாரையும் நாங்கள் வெறுங்கையோடு அனுப்பியதில்லை என்பது உங்களுக்கே தெரியும். சொல்லிவிட்டு, சொன்ன மாதத்தில் தவறாமல் கட்டிய குடும்பங்களுக்கு என் மனமார்ந்த நன்றி. நவம்பர் மாதச் சம்பளம் உரிய நாளிலேயே போய்ச் சேர்ந்தது உங்களால்தான். தாழ்வாரத்தில் முகம் சுளிக்காமல் படித்த மூன்றாம் வகுப்புக்கும், அவர்கள் ஆசிரியைக்கும் நன்றி.

ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கான படிவம் இத்துடன் இருக்கிறது. மூன்று பருவங்களுக்கும் மாதத்தை மட்டும் எழுதி, ஜனவரி 20-க்குள் தாருங்கள். தமிழ் மாதமாக எழுதினாலும் சரி. மொட்டைமாடி வேலை மே விடுமுறையில் முதல் வேலையாக நடக்கும். அதற்கான 54,000 ரூபாய் பராமரிப்புத் தலைப்பில் அப்படியே நிற்கிறது. செலவுப் பதிவேட்டின் நகல் மாதந்தோறும் 5-ஆம் தேதி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். சந்தேகம் இருந்தால் மாலை 4 மணிக்கு மேல் வாருங்கள், பற்றுச்சீட்டுகளையே எடுத்துக் காட்டுகிறேன்.

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்