கட்டிங் ஒயில் வாங்க வருபவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய சோனகத் தெருவில் உள்ள எங்கள் கடைக்கு வரும் லேத் பட்டறைக்காரர்கள் பலர் "கட்டிங் ஒயில் ஒரு கேன் தாங்க" என்று கேட்கிறீர்கள். என்ன உலோகம், துளை போடவா கடையவா என்று நாங்கள் கேட்டால், "எல்லாத்துக்கும்தான்" என்கிறீர்கள். துளையிடும்போது ஒயில் செய்ய வேண்டிய வேலை வேறு, கடையும்போது செய்ய வேண்டிய வேலை வேறு. அதை விளக்கத்தான் இந்த மடல்.

வெட்டும் இடத்தில் சூடு இரண்டு வழியில் பிறக்கிறது. உலோகம் மடங்கிச் சீவலாகப் பிரியும்போது ஒரு சூடு. அந்தச் சீவல் கருவியின் முகத்தில் உரசிக்கொண்டு ஓடும்போது இன்னொரு சூடு. ஒயில் உரசலைக் குறைக்கலாம், பிறந்த சூட்டை அள்ளிக்கொண்டு போகலாம். கூடவே சீவலைக் கழுவித் தள்ள வேண்டும், முடித்த வேலை துருப்பிடிக்காமல் காக்க வேண்டும். ஆனால் தேர்வு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் வேலைக்கு உரசல் குறைவது முக்கியமா, குளிர்ச்சி முக்கியமா என்பதைத்தான்.

வேகம் குறைவாகவும் அழுத்தம் அதிகமாகவும் இருந்தால் வழுக்கல் முக்கியம். வேகம் கூடினால் சீவலுக்கும் கருவிக்கும் நடுவே எந்த ஒயிலும் நுழைய நேரமிருக்காது. அங்கே குளிர்ச்சிதான் வேண்டும். ஒரே அளவு சூடேறும்போது தண்ணீர் எண்ணெயைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சூட்டை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் வேகமான வேலைக்குத் தண்ணீர் கலந்த ஒயில்.

கடையில் கிடைப்பவற்றை இப்படிப் பார்க்கலாம். தண்ணீர் கலக்காமல் அப்படியே பாவிக்கும் தனி எண்ணெய் ஒன்று. நல்லதில் கொழுப்போ கந்தகமோ சேர்த்திருப்பார்கள். வெட்டும் முனையின் சூட்டில் கந்தகம் இரும்போடு சேர்ந்து மெல்லிய படலமாகிறது. அந்தப் படலம் சீவல் கருவியில் ஒட்டுவதைத் தடுக்கிறது. பித்தளை, செம்பு வேலைக்கு மட்டும் கந்தகம் சேர்ந்ததைத் தொடாதீர்கள், கறுத்துப்போகும். அடுத்தது தண்ணீரில் கலந்தால் பால்போல் வெளுக்கும் சொலுபிள் ஒயில். இதில் குளிர்ச்சியும் உண்டு, ஓரளவு வழுக்கலும் உண்டு. அதைவிடக் குறைந்த எண்ணெயுள்ள செமி சிந்தெடிக், எண்ணெயே இல்லாத சிந்தெடிக் என்றும் இருக்கின்றன. இவை சுத்தமானவை, நாள்பட உழைப்பவை. ஆனால் பெரிய தொட்டியும் பம்பும் உள்ள மெஷின்களுக்குத்தான் அவற்றுக்குக் கொடுக்கும் காசு பெறுமதி. சிறு பட்டறைக்கு முதல் இரண்டே போதும் என்பது எங்கள் கருத்து.

ஒரு உதாரணம் சொல்கிறோம். கிராண்ட்பாஸ் பக்கமிருந்து வரும் ஒரு வாடிக்கையாளர் 304 ஸ்டெயின்லெஸ் ஷாஃப்டின் முனையில் 12 மில்லிமீற்றர் துளையை 60 மில்லிமீற்றர் ஆழத்துக்குப் போட வேண்டியிருந்தது. சாதாரண ஹைஸ்பீட் டிரில், லேத்தின் டெயில்ஸ்டொக்கில் பிடித்து. இரண்டு துளை சரியாக வந்தது. மூன்றாவதில் டிரில் கிரீச்சிட ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் வெளி மூலைகள் நீலமாகி மழுங்கியிருந்தன. டிரில்லில் குறை என்று நினைத்துத்தான் கடைக்கு வந்தார்.

அவர் கொண்டுவந்த கூலண்டில், அதாவது தண்ணீர் கலந்த ஒயிலில், ஒரு துளியை எடுத்து, எவ்வளவு ஒயில் கலந்திருக்கிறது என்று காட்டும் ரிஃப்ராக்டோமீற்றரில் வைத்துப் பார்த்தோம். 2 காட்டியது. கண்ணளவாகக் கலந்து, குறையக் குறையத் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார். ஓட்டிய வேகம் நிமிடத்துக்கு 700 சுற்று. 12 மில்லிமீற்றர் டிரில்லுக்கு அது நிமிடத்துக்கு 26 மீற்றர் வெட்டு வேகம். மைல்ட் ஸ்டீலுக்குச் சரி, 304க்கு இரண்டு மடங்கு அதிகம்.

துளையில் இது ஏன் இவ்வளவு சிக்கல்? டிரில்லின் நடு முனை வெட்டுவதில்லை, உலோகத்தை நசுக்கித் தள்ளுகிறது. அங்கே வேகம் கிட்டத்தட்ட இல்லை, அழுத்தம் மட்டுமே. வெளி மூலைதான் வேகமாக ஓடிச் சூடாகிறது. கூலண்ட் உள்ளே போக வேண்டிய அதே பள்ளத்தால்தான் சீவல் வெளியே வருகிறது. ஆழம் கூடினால் மேலே எவ்வளவு ஊற்றினாலும் முனைக்குப் போய்ச் சேராது.

ஆகவே சுற்றை 320ஆகக் குறைக்கச் சொன்னோம், அது நிமிடத்துக்கு 12 மீற்றர். கந்தகம் சேர்ந்த தனி எண்ணெய் கொடுத்தோம். 12 மில்லிமீற்றர் இறங்குவதற்கு ஒருமுறை டிரில்லை முழுவதும் வெளியே எடுத்து, சீவலைத் தட்டிவிட்டு, பள்ளத்தில் எண்ணெய் பூசி, மறுபடி விட வேண்டும். உள்ளே விட்ட பிறகு தயங்கக் கூடாது. சுற்றுக்கு 0.12 மில்லிமீற்றராவது இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டாமல் உரசினால் ஸ்டெயின்லெஸ் அந்த இடத்தில் இறுகிவிடும். அப்புறம் புது டிரில்லும் ஏறாது. வெட்டும் நேரம் மட்டும் பார்த்தால் ஒரு துளைக்கு ஒன்றரை நிமிடம்தான். பிறகு அவருக்கு அந்தக் கிரீச்சொலி வரவில்லை.

அதே ஷாஃப்டின் வெளிப்பக்கத்தைக் கார்பைட் இன்சேர்ட்டால் கடையும்போது கதை மாறுகிறது. 40 மில்லிமீற்றர் விட்டம், நிமிடத்துக்கு 950 சுற்று என்றால் வெட்டு வேகம் ஏறக்குறைய 120 மீற்றர். இங்கே தனி எண்ணெய் ஊற்றினால் புகைதான் வரும், தீப்பிடிக்கவும் கூடும். 8 சதவீத சொலுபிள் ஒயில் சரி. மைல்ட் ஸ்டீல் கடைய 5 சதவீதம் போதும். ஆனால் இடைவிடாமல், வெட்டும் இடத்திலேயே விழ வேண்டும். பிரஷ்ஷால் அவ்வப்போது தெளிப்பது கார்பைடுக்குக் கேடு. சூடேறிக் குளிர்ந்து சூடேறி, வெட்டு விளிம்புக்குக் குறுக்கே நுண்ணிய வெடிப்புகள் விழும். உங்கள் இன்சேர்ட்டில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிந்தால் காரணம் அதுதான். பம்ப் இல்லையென்றால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து உலர்வாகவே கடையுங்கள். வார்ப்பிரும்பையும் உலர்வாகவே கடைவது நல்லது. அதன் தூள் கூலண்டோடு சேர்ந்து சேறாகி மெஷினின் சறுக்குப் பாதைகளைத் தின்னும்.

கலப்பது பற்றி. வாளியில் முதலில் தண்ணீர், பிறகு ஒயிலை மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். மாற்றிச் செய்தால் கட்டிகட்டியாகத் திரண்டு, மேலும் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் சரிவராது. 20 லீற்றர் வேண்டுமானால் 5 சதவீதத்துக்கு 19 லீற்றர் தண்ணீரும் 1 லீற்றர் ஒயிலும். 8 சதவீதத்துக்கு ஒயில் 1.6 லீற்றர். தொட்டி குறையும்போது வெறும் தண்ணீர் விடாமல் 1 அல்லது 2 சதவீதக் கலவையை விடுங்கள். யாழ்ப்பாணத்தில் பட்டறை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது, சுண்ணாம்புள்ள கிணற்றுத் தண்ணீரில் ஒயில் பிரிந்து மேலே மிதக்கும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் நல்லது.

விடுமுறை கழிந்து பட்டறையைத் திறக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால், மெஷினில் இருந்து ஒழுகிய ஒயில் தொட்டியின் மேல் படர்ந்து காற்றை அடைத்துவிட்டது என்று அர்த்தம். காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள்தான் அந்த நாற்றம். கொழும்பு வெக்கையில் இது சீக்கிரம் நடக்கும். மிதக்கும் ஒயிலை வாரம் ஒருமுறை வழித்தெடுங்கள். நாறிய கூலண்டில் புது ஒயிலைச் சேர்க்காமல், தொட்டியைக் காலி செய்து கழுவிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

கழிவு எஞ்சின் ஒயிலை டிரில்லுக்கு ஊற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து விட்டுவிடுங்கள். நாளெல்லாம் கையில் பட்டால் தோலுக்கு ஆபத்து, தோல் புற்றுநோய் வரையும் போகலாம்.

ரிஃப்ராக்டோமீற்றர் எங்கள் கவுண்டரில் எப்போதும் இருக்கும். ஒரு சிறு போத்தலில் உங்கள் கூலண்டைக் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறோம், காசு இல்லை. ஒயில் கேனையும் எடுத்து வந்தால் நல்லது. சில ஒயில்களுக்குக் காட்டும் எண்ணைக் கேனில் உள்ள பெருக்கு எண்ணால் பெருக்கித்தான் சதவீதம் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
கடைக்காரர்கள்
பழைய சோனகத் தெரு, கொழும்பு