எக்கோவோடு முடிந்துவிடுவதில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பகுதியில் நுரையீரல் உயர் ரத்த அழுத்தம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே இருந்தது. ஆனால் அதில் "எக்கோ எடுத்துப் பார்த்தால் நோய் உறுதியாகிவிடும்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் இதயத்துக்குள் மெல்லிய குழாய் விட்டுச் சோதிக்கும் கேத் லேபில் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எக்கோ ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அதான் தெரிந்துவிட்டதே, அப்புறம் எதற்கு இன்னொரு சோதனை?" என்று கேட்ட குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் பார்த்த இரண்டு பேரை வைத்தே சொல்கிறேன். ஒருவர் முப்பத்தாறு வயதுப் பெண், தையல் வேலை செய்பவர். உட்கார்ந்து தைக்கும்போது ஒன்றும் தெரியாது. மாடிப்படி ஏறினால் பாதியிலேயே நிற்க வேண்டியிருக்கும். முதலில் ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை, பிறகு ஆஸ்துமா என்று இன்ஹேலர். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 97 காட்டியதால் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. சாயங்காலமானால் இரண்டு காலும் வீங்கத் தொடங்கி, ஒருநாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது மயங்கி விழுந்த பிறகுதான் எக்கோவுக்கு வந்தார். இன்னொருவர் எழுபதை நெருங்கிய பெரியவர். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டும் பல வருடங்களாக உண்டு. அவருக்கும் நடந்தால் மூச்சு வாங்கும், கால் வீங்கும். இரண்டு பேருடைய எக்கோ ரிப்போர்ட்டிலும் கடைசி வரி ஒன்றுதான்: நுரையீரல் அழுத்தம் மிக அதிகம், 70க்கு மேல்.

உழைக்கும்போது மட்டும் ஏன் மூச்சு வாங்குகிறது என்பதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. படி ஏறும்போது அது இரண்டு மூன்று மடங்காக வேண்டும். நல்ல நுரையீரலில் அதுவரை மூடிக் கிடந்த நுண்ணிய ரத்தக்குழாய்கள் திறந்துகொள்ளும், திறந்தவை இன்னும் விரியும்; அதனால் அழுத்தம் கொஞ்சம்தான் ஏறும். அந்தப் பெண்ணுக்கு வந்ததுபோல அந்தக் குழாய்களின் சுவரே தடித்துச் சுருங்கிப்போனால் திறப்பதற்குக் கைவசம் ஒன்றும் மிச்சம் இருக்காது. நுரையீரலில் இப்படிக் கையிருப்பு நிறைய இருப்பதால், குழாய்களில் பெரும்பகுதி கெட்ட பிறகுதான் ஓய்வு நேர அழுத்தமே ஏறும். நோய் முதலில் படிக்கட்டில் தெரிவது அதனால்தான்.

நுரையீரலுக்கு ரத்தம் தள்ளும் இதயத்தின் வலது பக்கக் கீழறை மெல்லிய சுவர் கொண்டது. குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யப் பழகியது. எதிரே தடை கூடிவிட்டால் அதனால் ரத்தத்தின் அளவைக் கூட்டித் தள்ள முடியாது. அது தள்ளாவிட்டால் இடது பக்கத்துக்கும் ரத்தம் வராது. உப்பிய வலது அறை நடுச்சுவரை இடப்பக்கம் தள்ளி அங்கிருக்கும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கால் தசை கேட்கிற ஆக்சிஜன் போய்ச் சேராது, அமிலம் சேரும், மூளை "இன்னும் வேகமாக மூச்சுவிடு" என்று விரட்டும். கூடவே, காற்று போய்ச் சேரும் இடங்களில் பலவற்றுக்கு ரத்தம் வராததால் இழுத்த மூச்சில் ஒரு பங்கு வீணாகிறது. உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிமீட்டர் 97 காட்டியது பொய்யில்லை. ஒவ்வொரு சொட்டு ரத்தத்திலும் ஆக்சிஜன் இருந்தது. நிமிடத்துக்குப் போகிற ரத்தம்தான் போதவில்லை. குடம் தூக்கியபோது மயக்கம் வந்ததும் இதனால்தான். ரத்தம் கூடுதலாக வர வழியில்லாமல் பி.பி. விழுந்து மூளைக்குப் போவது குறைந்துவிடுகிறது. உழைக்கும்போது வரும் மயக்கம் இந்த நோயில் மோசமான அறிகுறி.

கால் வீக்கம் அதற்கு அடுத்த கட்டம். வலது பக்கம் தள்ள முடியாமல் திணறும்போது அதன் மேலறையில் அழுத்தம் ஏறும். உடம்பின் கீழ்ப்பாதியிலிருந்து வரும் பெரிய சிரை அந்த அறையில்தான் வந்து சேர்கிறது. வாய்க்காலின் கடைமடை அடைத்தால் பின்னால் வயலில் தண்ணீர் ஏறுவதுபோல, அழுத்தம் கல்லீரலுக்கும் காலுக்கும் திரும்பிப் போகிறது. கணுக்காலில் நுண்குழாய்களிலிருந்து நீர் கசியும். விரலால் அமுக்கினால் குழி விழும். சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைவதால் அது உப்பையும் நீரையும் பிடித்துவைத்து வீக்கத்தைக் கூட்டும். வலது விலாவுக்குக் கீழே பாரம், பசியின்மை, கழுத்துச் சிரை புடைத்துத் தெரிவது எல்லாம் இதோடு சேர்ந்தவை. ரத்தக் கொதிப்புக்காக ஆம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையாலேயே கால் வீங்குவது உண்டு. அப்போது கழுத்துச் சிரை புடைக்காது.

சரி, எக்கோ விஷயத்துக்கு வருகிறேன். எக்கோ நுரையீரல் அழுத்தத்தை நேராக அளப்பதில்லை. வலது பக்க வால்வில் பின்னோக்கிக் கசியும் ரத்தத்தின் வேகத்தை அளக்கிறது. அந்தப் பெண்ணுக்கு வேகம் வினாடிக்கு 4 மீட்டர். அதன் வர்க்கத்தை 4ஆல் பெருக்கினால் 64. மேலறை அழுத்தம் சுமார் 10 இருக்கும் என்று கணித்துக் கூட்டினால் 74. இதில் அந்த 10 என்பது ஊகம். கசிவே சரியாகத் தெரியாதவர்களும் உண்டு, அவர்களுக்கு நோய் இருந்தும் எண் கிடைக்காது. ரிப்போர்ட்டில் வரும் 74 இதயம் சுருங்கும் கணத்தின் உச்ச அழுத்தம். நோயைத் தீர்மானிப்பது சராசரி அழுத்தம். ரிப்போர்ட்டில் 35 என்று பார்த்துவிட்டு, கட்டுரையில் படித்த 25 என்ற சராசரி எண்ணோடு ஒப்பிட்டுப் பயந்துபோகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. முக்கியமாக, அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை அந்த 74 சொல்லாது. இடது அறை விரிந்திருக்கிறதா, வால்வு சுருங்கியிருக்கிறதா என்பதை வைத்து எக்கோவால் துப்புக் கொடுக்க முடியும், அவ்வளவுதான்.

அதை அளப்பதுதான் வலது பக்க கேத். "ஆஞ்சியோவா? அடைப்பா?" என்று கேட்பார்கள். இல்லை. ஆஞ்சியோ தமனி வழியாக இதயத்தின் ரத்தக்குழாய்களைப் பார்ப்பது. இது கழுத்து, கை அல்லது தொடைச் சிரை வழியாகப் போவது. மரத்துப்போக ஊசி போடுவார்கள், ஆள் விழித்தே இருப்பார். நுனியில் குட்டி பலூன் உள்ள மெல்லிய குழாயை உள்ளே விட்டால், ரத்தம் ஓடுகிற போக்கிலேயே அது வலது மேலறை, கீழறை, நுரையீரல் தமனி என்று மிதந்து போகும். ஒவ்வோர் இடத்திலும் திரையில் அலையின் வடிவம் மாறும். கடைசியில் ஒரு சிறு கிளையை பலூன் அடைத்து நிற்கும்போது, குழாயின் நுனி எதிர்ப்பக்கத்து இடது மேலறையின் அழுத்தத்தைக் காட்டும். அதைத்தான் நாங்கள் 'வெட்ஜ்' என்போம்.

அந்தப் பெண்ணுக்கு நுரையீரல் தமனியின் சராசரி 48, வெட்ஜ் 9, இதயம் தள்ளியது நிமிடத்துக்கு 3.9 லிட்டர். 48லிருந்து 9ஐக் கழித்து 3.9ஆல் வகுத்தால் 10. இது ரத்தக்குழாயின் தடை. 2க்கு மேல் போனாலே அதிகம். வெட்ஜ் 15க்குள் இருப்பதால் இடது பக்கம் சரி, கோளாறு நுரையீரல் குழாய்களில்தான். பெரியவருக்குச் சராசரி 44, கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் வெட்ஜ் 30. விறைத்துப்போன இடது கீழறையால் தேங்கிய அழுத்தம்தான் பின்னால் நுரையீரல்வரை ஏறியிருக்கிறது. அவருக்கு வேண்டியது நீர் மாத்திரையும் ரத்தக் கொதிப்பு, சர்க்கரைக் கட்டுப்பாடும். நுரையீரல் குழாயை விரிக்கும் சில்டனாஃபில் வகை மாத்திரையை எக்கோவை மட்டும் பார்த்து அவருக்குக் கொடுத்திருந்தால் பயன் இருந்திருக்காது. இப்படிப்பட்டவர்களுக்கு இடது பக்கத்துக்குக் கூடுதல் ரத்தம் போய் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளவும் கூடும்.

வெட்ஜும் தவறலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். அழுத்தம் அளக்கும் கருவியை நெஞ்சின் நடு உயரத்தில் வைத்து பூஜ்யம் செய்ய வேண்டும். 10 சென்டிமீட்டர் கீழே இருந்துவிட்டால் எண் 7க்கும் மேல் கூடிவிடும். 9 என்பது 16 ஆகி, நோயாளி வேறு வகைக்குப் போய்விடுவார். பலூன் முழுதாக அடைக்காவிட்டாலும் எண் பொய்யாகக் கூடும். சந்தேகம் வந்தால் அந்த நுனியிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பார்ப்போம். 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் இருந்தால் அடைப்பு சரி. நீர் மாத்திரை நிறைய சாப்பிட்டு வந்தவருக்கு இடது பக்கக் கோளாறு இருந்தும் வெட்ஜ் குறைவாகத் தெரியலாம். மூச்சை முழுதாக வெளிவிட்ட கணத்தில் படிக்காமல் மெஷின் போட்ட சராசரியை அப்படியே எழுதுவதும் நடக்கிறது. அனுபவமுள்ள இடங்களில் இந்தச் சோதனையில் கடுமையான சிக்கல் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்குத்தான் வருகிறது.

வெட்ஜ் குறைவு என்று தெரிந்தபிறகும் ஒரு காரணத்தை விட்டுவிடக்கூடாது: கரையாமல் தங்கிப்போன பழைய ரத்தக் கட்டிகள். அதற்கு நல்ல முதல் சோதனை வி/கியூ ஸ்கேன், அதாவது நுரையீரலில் காற்று போகும் இடத்தையும் ரத்தம் போகும் இடத்தையும் தனித்தனியே படம் எடுப்பது. சி.டி. எடுத்தாயிற்று, கட்டி இல்லை என்று விட்டுவிடுவது பல இடங்களில் நடக்கிறது. பழைய கட்டி சி.டி.யில் தப்பிவிடலாம். இது முக்கியம், ஏனென்றால் இந்த வகைக்கு அறுவை சிகிச்சை உண்டு. தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தமனியின் உள்சுவரோடு கட்டியை உரித்தெடுத்து அழுத்தத்தையே இறக்கிவிட முடியும். அந்தப் பெண்ணின் ஸ்கேன் சுத்தமாக இருந்தது. அதன் பிறகுதான் நுரையீரல் குழாய்களுக்கான இரண்டு மாத்திரைகளை ஆரம்பித்தார்கள்.

இன்னொரு சின்னத் திருத்தம். சராசரி 25 இருந்தால்தான் இந்த நோய் என்று கட்டுரை சொல்கிறது. 1973 ஜெனீவா கூட்டத்திலிருந்து நெடுங்காலம் அதுதான் அளவாக இருந்தது. 2022இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் அதை 20க்கு மேல் என்று குறைத்துவிட்டது. அடுத்த இதழில் இந்த எண்ணையாவது திருத்திப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேத் லேப் டெக்னீஷியன்,
மதுரை