‘வரி தனி’ என்றால் போதுமா?

ஆசிரியருக்கு,

அலமாரி செய்ய விலைப்புள்ளி வாங்கினேன். கொட்டை எழுத்தில் 1,000. அடியில் பொடி எழுத்தில் ‘வரி தனி’. சரி, 10 சதவீத வரியோடு 1,100 ஆகும் என்று கணக்குப் போட்டேன். பில் 1,320க்கு வந்தது. பேக்கிங் 50, வண்டி வாடகை 150 ஏறியிருந்தன. அவற்றையும் சேர்த்து 1,200க்கு வரி போட்டிருந்தார்கள். பல இடங்களில் விதியே அப்படித்தான். அதை முதலிலேயே எழுதியிருக்கலாமே!

விலைக்குப் பக்கத்திலேயே ‘விற்பனை வரி சேரவில்லை’ என்றும், வரி எத்தனை சதவீதம், எந்தத் தொகைக்கு என்றும் இருக்கட்டும். அப்புறம் பேக்கிங், வண்டி, இறக்குகூலி, பொருத்துகூலி. தொகை தெரியாவிட்டால் ‘தூரத்தைப் பொறுத்து’ என்றாவது போடலாம். ‘இதர கட்டணங்கள்’ என்று மொட்டையாக எழுதினால் அதற்குள் எதையும் நுழைத்துவிடலாம்.

- ஒரு வாசகர்