நகையை எடுத்தது மருமகளா, நாத்தனாரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் தொலைக்காட்சிப் பக்கத்தில் வந்த முன்கதைச் சுருக்கத்தை என் அத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "யாருக்கு யார் என்ன வேண்டும் என்றே தெரியவில்லையே" என்றார். பத்து வரியில் பதினோரு பெயர்கள்.

நானும் இதே தவற்றைச் செய்தவள்தான். 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தைத் தொலைக்காட்சியில் போட்ட அன்று, முதல் பாகம் பார்க்காத அத்தைக்குக் கதை சொல்ல உட்கார்ந்தேன். வால்நட்சத்திரம், ஆதித்த கரிகாலனின் போர், வந்தியத்தேவனைத் தூது அனுப்பியது என்று படத்தில் வந்த வரிசையிலேயே போனேன். கடம்பூர் மாளிகை வருவதற்குள் அத்தை கீரை ஆய எழுந்துவிட்டார்.

பிறகு குடும்பத்திலிருந்து தொடங்கினேன். தஞ்சையில் நோயில் படுத்திருக்கும் தகப்பன் சுந்தர சோழர். மூத்தவன் கரிகாலன், அடுத்தவள் குந்தவை, கடைக்குட்டி அருண்மொழி. பட்டத்துக்கு உரியவன் மூத்தவன். பழுவேட்டரையரும் சில சிற்றரசர்களுமோ மதுராந்தகனை அரியணையில் ஏற்றப் பார்க்கிறார்கள். அவன் சுந்தர சோழரின் பெரியப்பா மகன். இந்த மூவருக்கும் சித்தப்பா முறை. 'உறவினர்' என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் அத்தைக்கு ஒன்றும் பிடிபட்டிருக்காது. அந்தப் பெரியப்பா முன்பு அரசராக இருந்தவர் என்றதும், "அப்படியானால் அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறதே!" என்று கீரைத் தட்டோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

நந்தினியைப் 'பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி' என்று சொல்லி நிறுத்தினால் பாதிக்கதை போய்விடும். அவள் கரிகாலனின் பழைய காதலி. அவள் கெஞ்சியும் கேட்காமல் பாண்டிய மன்னன் வீரபாண்டியனை அவள் கண்ணெதிரே வெட்டியவன் அவன். இங்கே யாருக்கு எது தெரியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவள் பழிவாங்கக் காத்திருப்பது பாண்டிய ஆபத்துதவி ரவிதாசனுக்குத் தெரியும், வயதான கணவருக்குத் தெரியாது. இது தெரியாதவருக்கு அந்தக் கணவன் மனைவி பேச்செல்லாம் வெறும் கொஞ்சலாகத்தான் படும்.

கடைசியாக, கதை நின்ற இடம். புயலில் அருண்மொழியும் வந்தியத்தேவனும் கடலில் விழுகிறார்கள். காப்பாற்றப் பாய்கிற மூதாட்டிக்கு நந்தினியின் முகம். "நந்தினியேதானா?" என்றார் அத்தை. இல்லை, வேறொருத்தி, ஐஸ்வர்யா ராய்க்கு இரட்டை வேடம் என்று மட்டும் சொன்னேன். முகம் ஏன் ஒன்றாக இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. அதை இரண்டாம் பாகம்தான் சொல்ல வேண்டும். உங்கள் சுருக்கத்திலோ இந்த வாரம் வரப்போவதையும் சேர்த்து எழுதிவிட்டீர்கள்!

ஐந்து பெயர் போதும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முறையைப் போடுங்கள். அதுவரை, சென்ற இதழ்ச் சுருக்கத்தின் மூன்றாவது வரியில் நகைப்பெட்டியோடு போனவர் மருமகளா நாத்தனாரா என்பதையாவது அடுத்த இதழில் தெரிவியுங்கள். அத்தை தினமும் கேட்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருவாரூர்