ஏழாம் நாள் வரை பொறுத்திரு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. அடை வைத்த கோழிமுட்டைகளை நாலாம் நாளே டார்ச் அடித்துப் பார்த்து, வெறும் முட்டை என்று ஐந்தை ஒதுக்கிவிட்டாய், அப்புறம் ஒன்றை உடைத்தபோது உள்ளே ரத்தக்கோடு இருந்தது என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

உன் கண்ணில் குறையில்லை, நாள்தான் போதவில்லை. அடை வைத்த இரண்டாம் நாளே இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். ஆனால் நாலாம் நாளிலும் கரு சுண்டுவிரல் நகத்தளவுகூட இராது. வெள்ளை ஓடு என்றால் மெல்லிய ரத்தக்கோடுகள் தெரியலாம். உன்னுடையவை பழுப்பு ஓடு, வெளிச்சம் ஊடுருவவே சிரமப்படும். அதனால் நான் ஏழாம் நாளுக்கு முன் எதையும் ஒதுக்குவதில்லை.

போன மாதம் இன்குபேட்டரில் 12 முட்டை வைத்தேன். ஏழாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, முட்டையின் அகன்ற முனையில் டார்ச்சை ஒட்டி வைத்துப் பார்த்தேன். எட்டில் சிலந்தி வலை போல ரத்த நரம்புகள் விரிந்திருந்தன. நடுவில் ஒரு கரும்புள்ளி, அதுதான் கண். கொஞ்ச நேரம் அசையாமல் பிடித்திருந்தால் அந்தப் புள்ளி ஊஞ்சல் போல மெல்ல ஆடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

இரண்டில் ஒன்றுமில்லை. ஒரே மஞ்சள் வெளிச்சம், மஞ்சள் கரு நிழலாக மிதந்தது, அவ்வளவுதான். அவை கருக்கூடாத முட்டைகள். இன்னொன்றில் நரம்பே இல்லாமல் சிவப்பாக ஒரு வளையம் மட்டும் இருந்தது. இந்த வளையத்தை நீ தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். கரு உருவாகி, முதல் சில நாட்களில் இறந்துவிட்டால், நரம்புகளில் இருந்த ரத்தம் விளிம்புக்கு ஒதுங்கி இப்படி வட்டமாக நின்றுவிடும். ஆக, வெறும் முட்டை என்றால் கருவே கூடவில்லை. ரத்த வளையம் என்றால் கரு கூடியும் பிழைக்கவில்லை. வளையம் நிறைய முட்டைகளில் வந்தால் சேவலைச் சந்தேகிக்காதே. அடை வைக்கும் முன் முட்டையை நெடுநாள் வைத்திருந்தாயா, முதல் நாட்களில் சூடு ஏறி இறங்கியதா என்று பார்.

பன்னிரண்டாவது முட்டையின் ஓடு தடிமன். எதுவும் சொல்ல முடியவில்லை. பென்சிலால் கேள்விக்குறி போட்டு உள்ளேயே வைத்தேன்.

பதினாலாம் நாள் அந்தக் கேள்விக்குறி முட்டைக்குள் பெரிய இருள், அகன்ற முனையில் காற்று நிற்கும் காற்றறையின் ஓரத்தில் தடித்த நரம்புகள்! அன்றைக்கு நான் அதை எடுத்துப் போட்டிருந்தால்? ஆனால் மற்ற எட்டில் ஒன்றில் நரம்புகள் மங்கிக் கலங்கலாக இருந்தன, அசைவே இல்லை. அதை எடுத்துவிட்டேன், மிச்சம் எட்டு. இந்தக் கட்டத்தில் கூர்மையான முனையில் இன்னும் வெளிச்சம் தெரிந்தால் பயப்படாதே. அது மீதமிருக்கும் வெள்ளைக் கரு. குஞ்சு அதை விழுங்க விழுங்க அந்த முனையும் இருண்டுவிடும்.

பதினெட்டாம் நாள் உள்ளே முழுக்க இருள், மேலே காற்றறை மட்டும் பளிச்சென்று இருந்தது. அன்றோடு முட்டைகளைத் திருப்புவதை நிறுத்தி, ஈரத்தைக் கூட்டினேன். அன்றைக்குப் பார்க்க வேண்டியது காற்றறையின் அளவைத்தான். ஓட்டின் நுண்துளைகள் வழியாகத் தினமும் கொஞ்சம் நீர் வெளியேறும். 60 கிராம் முட்டை பதினெட்டாம் நாளில் ஏறக்குறைய 7 கிராம் குறைந்திருக்க வேண்டும். அந்த இடத்தைத்தான் காற்று நிரப்புகிறது. என் முட்டைகளில் ஒன்று 3 கிராம்தான் குறைந்திருந்தது, காற்றறையும் சின்னது.

இருபதாம் நாள் மற்ற ஏழிலும் காற்றறையின் கோடு சாய்ந்து, அதற்குள் ஒரு நிழல் முட்டி முட்டி அசைந்தது. உள்சவ்வைக் குத்திவிட்டு அலகு காற்றறைக்குள் வந்திருக்கிறது, நுரையீரல் முதல்முறையாகக் காற்றை இழுக்கிறது. ஓட்டில் கீறல் விழுந்த பிறகும் குஞ்சு வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். அவசரப்பட்டு ஓட்டை உரிக்காதே. சவ்வு நரம்புகளில் இன்னும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், மஞ்சள் கருவும் முழுதாக வயிற்றுக்குள் போயிருக்காது.

இருபத்தோராம் நாள் ஏழு குஞ்சுகள் பொரிந்தன. எட்டாவது, அந்தச் சின்னக் காற்றறை முட்டை, கீறலே விழாமல் நின்றுவிட்டது. உடைத்துப் பார்த்தேன். முழு வளர்ச்சி பெற்ற குஞ்சு, உடம்பெல்லாம் நீர்கோத்து ஊதியிருந்தது. இரண்டு நாள் எனக்கு வருத்தமாக இருந்தது.

உன்னிடம் மிச்சமிருக்கும் முட்டைகளை இனி ஏழாம் நாள் எடுத்துப் பார். சந்தேகமானதில் பென்சில் குறி போட்டு வை. பதினாலாம் நாள் என்ன தெரிந்தது என்று எழுது.

உன்,
கதிர்